பாட்டி கண் மூடிய படம்

பன்னிரண்டு பேர் நிற்கும் குடும்பப் படத்தில் அத்தனை பேரும் ஒரே நொடியில் கண் திறந்திருப்பது அபூர்வம். அதனால்தான் கல்யாண மேடையில் ஃபோட்டோகிராஃபர் “அப்படியே நில்லுங்க, இன்னொண்ணு எடுத்துக்கிறேன்” என்று சொல்லி ஐந்தாறு முறை கிளிக் செய்துகொள்கிறார். ஒன்றில் எல்லோரும் நன்றாக இருப்பார்கள், பாட்டி மட்டும் கண்ணை மூடியிருப்பார். இன்னொன்றில் பாட்டி அழகாகச் சிரிப்பார், பேரன் வேறெங்கோ பார்ப்பான். இரண்டாவது படத்தின் பாட்டி முகத்தை முதல் படத்தில் வைத்து ஒட்டுவது இன்று எந்த ஸ்டூடியோவிலும் நடக்கிற வேலைதான்.

இதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அதே பாட்டி, அதே மேடை, மூன்று நொடி இடைவெளி. ஆனால் ஒட்டியதைப் பிறகு எடுக்க முடிய வேண்டும். எங்கே, எதிலிருந்து எடுத்து ஒட்டினோம் என்று கேட்டால் காட்டவும் முடிய வேண்டும். இந்த இரண்டும் வேலை முடிந்தபின் யோசிக்கிற விஷயங்கள் அல்ல. முதல் கிளிக்கிலேயே முடிவாகிவிடுகின்றன.

நல்ல படம் IMG_4127.CR3, பாட்டி சிரிக்கும் படம் IMG_4129.CR3 என்று வைத்துக்கொள்வோம். இவை கேமரா எழுதிய ரா ஃபைல்கள். மெமரி கார்டிலிருந்து இறக்கியதும் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் இவற்றைப் போட்டுவிட வேண்டும். இரண்டாவது படம் மங்கலாக இருக்கிறது, பாட்டி முகம்தானே வேண்டும் என்று அதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அழித்துவிட்டால் முகம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியே போய்விடும். முகம் கொடுத்த படமும் அசல்தான்.

பிரதி சரியாக ஏறியிருக்கிறதா, பிற்காலத்தில் யாராவது கைவைத்தார்களா என்று பார்க்க, ஃபைலுக்கு ஒரு கைரேகை எடுத்து வைக்கலாம். விண்டோஸ் கணினியில் அதற்கு ஒரு வரி போதும்:

```
certutil -hashfile IMG_4127.CR3 SHA256
```

நீளமான எழுத்து வரிசை ஒன்று வரும். அதைக் குறிப்பில் ஒட்டி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே கட்டளையைக் கொடுத்தால் அதே வரிசை வர வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் அப்படியே இல்லை என்று அர்த்தம்.

இனி ஃபோட்டோஷாப். 4127 அடியில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக இருக்கிறது. அதன்மேல் 4129-ஐயும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகவே வைக்கிறோம். அப்படி வைத்தால் எவ்வளவு சாய்த்தோம், எவ்வளவு பெரிதாக்கினோம் என்பதை அந்த லேயரே நினைவில் வைத்திருக்கும். உள்ளிருக்கும் படம் தேயாது. மேல் லேயரைப் பாதி வெளுப்பாக்கி, இரண்டு பாட்டிகளின் கண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை நகர்த்த வேண்டும். பிறகு கறுப்பு மாஸ்க் போட்டு மேல் படம் முழுவதையும் மறைத்துவிட்டு, முகம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறக்க வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் மாறியிருந்தால் அந்த லேயருக்கு மட்டும் கர்வ்ஸ் லேயர் ஒன்று. அழிப்பானை எடுக்கவே கூடாது. அழிப்பான் தேய்த்த இடம் ஃபைலை மூடினால் போனது போனதுதான்; மாஸ்கில் மறைத்த இடம் என்றைக்கும் திரும்பி வரும்.

இதன் அருமை தப்பு நடக்கும்போதுதான் தெரியும். முகம் மாற்றும்போது முகத்தில் தப்பு வருவது குறைவு, ஓரத்தில்தான் வரும். இரண்டு படத்துக்கும் நடுவில் பாட்டி தோளைக் கொஞ்சம் அசைத்திருப்பார். சேலையின் ஜரிகைக் கரை கழுத்துக்குக் கீழே பாதி விரல் அகலம் விலகி நிற்கும். சங்கிலி ஒரு இடத்தில் இரட்டையாகத் தெரியும். ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் யாராவது கவனித்துச் சொன்னால், மாஸ்கின் ஓரத்தைக் கழுத்து மடிப்பு வரை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும். எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஜேபெக் மட்டும் வைத்திருப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்படி ஓரம் அறுந்ததுதான் 2024 மார்ச்சில் உலகச் செய்தியானது. வேல்ஸ் இளவரசி கேட் தன் பிள்ளைகளுடன் இருக்கும் அன்னையர் தினப் படத்தை கென்சிங்டன் அரண்மனை வெளியிட்டது. மகள் சார்லட்டின் சட்டைக் கை விளிம்பு பொருந்தாமல் அறுந்திருந்தது. ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி போன்ற செய்தி நிறுவனங்கள் அந்தப் படத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று திரும்பப் பெற்றன. எடிட் செய்தது தானே என்று இளவரசி மறுநாள் மன்னிப்புக் கேட்டார். ஆனால் எடிட் செய்யாத படத்தை வெளியிடப்போவதில்லை என்று அரண்மனை சொல்லிவிட்டது. நடந்தது சின்னத் திருத்தமாகவே இருக்கலாம். அதைச் சின்னது என்று காட்டக்கூடியது அசல் ஒன்றுதான். அது வராததால் ஊகங்களுக்கு எல்லையில்லாமல் போயிற்று.

வேலை முடிந்ததும் லேயர்களோடு PSD ஆகச் சேமிக்க வேண்டும். அது 2 ஜிபி-யைத் தாண்டினால் PSB. ஸ்மார்ட் ஆப்ஜெக்டை வெளி ஃபைலோடு இணைப்பாக வைக்காமல் உள்ளேயே பதித்து வைப்பது நல்லது. இணைப்பாக வைத்தால், ஃபோல்டரை இடம் மாற்றிய அன்றே இணைப்பு அறுந்துவிடும். ஃபோட்டோஷாப்பின் ஹிஸ்டரி பட்டியலை நம்பி இருக்க வேண்டாம், ஃபைலை மூடியதும் அது காலியாகிவிடும். ஹிஸ்டரி லாக் என்ற வசதியை அமைப்புகளில் போய் நாமே இயக்கினால்தான் செய்ததெல்லாம் பதிவாகும்.

உண்மையிலேயே திரும்பப் போக முடிகிறதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. திருத்த லேயர்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 4127 ரா ஃபைலை அதே அமைப்புகளோடு புதிதாகத் திறந்து மேலே வைத்து, அந்த லேயரை டிஃபரன்ஸ் முறைக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகும். திரை முழுக்கக் கறுப்பு என்றால் அசல் பத்திரம். எங்காவது மங்கலாக ஒரு கோடு மினுங்கினால், யாரோ அடி லேயரிலேயே தூரிகை வைத்திருக்கிறார்கள்.

எடிட் குறிப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை. “அடிப்படம் 4127. இடமிருந்து நான்காவதாக நிற்கும் பாட்டியின் முகம் மட்டும் 4129-லிருந்து. மூன்று நொடி பின்னால் எடுத்தது. காரணம், கண் மூடியிருந்தது. குடும்பத்தார் கேட்டு மாற்றியது.” இதோடு தேதி, செய்தவர் பெயர், இரண்டு கைரேகைகள். PSD பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக இது இருக்கட்டும். வெளியே போகும் ஜேபெக்கின் உள்ளேயும் சொல்லிவிடலாம். பத்திரிகைப் படங்களுக்கான ஐபிடிசி தரத்தில், படம் எப்படி உருவானது என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. கேமராவில் எடுத்த பல படங்களைச் சேர்த்தது என்பதற்கு அங்கே compositeCapture என்ற குறியீடு உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே எழுதிய இந்தத் தகவல்கள் உதிர்ந்துவிடும். அதனால் பத்திரிகைக்கோ போட்டிக்கோ போகும் படத்தில், கண்ணுக்குத் தெரியும் படக்குறிப்பிலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

குறியீட்டுக்கு இன்னொரு போதாமையும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்ட அப்பாவைப் பழைய படத்திலிருந்து எடுத்து, மணமக்கள் பக்கத்தில் நிற்க வைத்துத் தரச் சொல்லும் குடும்பங்கள் நிறைய. அந்தப் படத்துக்கும் இதே குறியீடுதான் பொருந்தும், ஏனென்றால் எல்லாமே கேமராவில் எடுத்தவை. மூன்று நொடி பிந்திய முகமும், அந்த மண்டபத்துக்கே வராத மனிதரும் அதற்கு ஒன்றுதான். பேரப்பிள்ளைகள் ஆல்பத்தைத் திறந்து “தாத்தா கல்யாணத்துக்கு வந்திருந்தாரா?” என்று கேட்கும் நாள் வரும். அதனால் இந்த வகைப் படத்துக்கு அச்சிட்ட பிரதியின் பின்பக்கத்திலேயே, எந்தப் பழைய படத்திலிருந்து, எந்த வருடம் சேர்த்தது என்று எழுதித் தர வேண்டும். சேர்க்காத மேடைப் படத்தையும் அதே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.