மாலை காபிக்கு ஒரு அலாரம், காலையில் ஒரு வரி: தூக்கத்தைக் கெடுப்பது காபிதானா என்று கண்டுபிடிப்பது எப்படி?

"நான் சாயங்காலம் காபி குடிச்சாலும் படுத்ததும் தூங்கிடுவேன்" என்று சொல்பவர் எல்லா வீட்டிலும் ஒருவராவது இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்கே தெரியாத ஒரு விஷயம் இருக்கலாம்.

2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 12 பேருக்குப் படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபைன் கொடுத்தார்கள். இது வீட்டில் குடிக்கும் ஒரு டம்ளர் காபியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கருவியில் பார்த்தபோது தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால், அவர்கள் எழுதிய தூக்கக் குறிப்பில் அந்த இழப்பு சரியாகத் தெரியவில்லை.

அதனால் 'நல்லா தூங்கினேன்' என்று மட்டும் எழுதி வைத்தால் பிரயோஜனம் இல்லை. வரியில் எண்கள் இருக்க வேண்டும்.

அலாரம் எத்தனை மணிக்கு?

உடலில் சேர்ந்த கஃபைன் பாதியாகக் குறைய பொதுவாக சுமார் 5 மணி நேரம் ஆகும். இது ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

இரவு 11 மணிக்குப் படுப்பவரை எடுத்துக்கொள்வோம். 5 மணிக்குக் குடித்த காபியில் பாதி, 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். 2 மணிக்கே குடித்திருந்தால் நள்ளிரவில் கால் பங்குதான் மிச்சம். அவர் 3 மணியை எல்லையாக வைத்து, 2.30-க்கு அலாரம் வைக்கலாம். சரியாக 3-க்கு வைத்தால், அது அடிக்கும்போது கையில் டம்ளர் இருக்கும்! 5 மணிக்கு ஆபீஸில் எல்லோரும் டீக்குக் கிளம்பும்போது என்ன குடிப்பது என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். சுக்கு காபி என்றால், அதில் காபித்தூள் சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டீயிலும் கஃபைன் உண்டு.

அந்த ஒரு வரி

காலையில் எழுந்ததும் போனில் இப்படி எழுதினால் போதும்: "கடைசி டீ 5.15, படுத்தது 11, தூக்கம் வர 40 நிமிஷம், நடுவில் விழிப்பு 2, எழுந்தது 6." நிமிடக் கணக்கு உத்தேசமாக இருந்தாலே போதும். ராத்திரியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வருகிற தூக்கமும் போய்விடும்.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். அலாரம் இரண்டாவது வாரத்தில்தான். நிறைய குடித்துப் பழகியவருக்கு, அளவு திடீரென்று குறைந்தால் தலைவலியும் எரிச்சலும் சில நாள் இருக்கும். அந்த நாள்களை வைத்து முடிவு செய்யாமல், மூன்றாவது வாரத்தை முதல் வாரத்தோடு ஒப்பிடுங்கள். பகலில் தூங்கியிருந்தால், கிரிக்கெட் பார்த்து லேட்டாகப் படுத்திருந்தால் அதையும் வரியில் சேருங்கள். இல்லாவிட்டால் பழி காபி மேல் விழும்.

40 நிமிடம் 20 ஆகி, விழிப்பும் குறைந்திருந்தால், பெரும்பாலும் காரணம் மாலை டீதான். எண்கள் அசையவே இல்லையென்றால் காரணம் வேறு. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு முட்டுவது, பகலில் அடக்க முடியாத தூக்கம் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். போகும்போது இந்த மூன்று வாரக் குறிப்பையும் எடுத்துப் போங்கள்.