பாதிப் படம், பாதிப் படிவம்

லேப்டாப்பில் ஏதாவது ஓர் இணையச் சேவையின் லாகின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல சமயம் திரை நடுவே கோடு கிழித்தாற்போல் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதி முழுக்கப் பெரிய புகைப்படம். மறுபாதியில் பெயருக்கு ஒரு பெட்டி, கடவுச்சொல்லுக்கு ஒரு பெட்டி, கீழே ஒரு பொத்தான்.

இந்த அமைப்பு இவ்வளவு பரவியதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. லாகின் பக்கத்தில் சொல்ல வேண்டிய விஷயம் ரொம்பக் கொஞ்சம். 1366 பிக்சல் அகலத் திரையின் நடுவில் இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்தால் சுற்றிலும் காலியிடம் பல்லை இளிக்கும். பெட்டிகளைத் திரையின் அகலத்துக்கு இழுத்தால் இன்னும் மோசம். இரண்டாகப் பிரித்தால் படிவத்துக்கு 683 பிக்சல் கிடைக்கிறது, அதுவே தாராளம். மிச்சத்தைப் படம் நிரப்பிவிடுகிறது. 'சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்' என்ற தெம்பையும் படம் தருகிறது. ஆனால் அந்தத் தெம்பை ரொம்ப நம்ப வேண்டாம். போலிப் பக்கம் தயாரிப்பவர் படத்தையும் சேர்த்தே நகலெடுப்பார். பார்க்க வேண்டியது மேலே உள்ள முகவரியை.

அகலம் தாராளமாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. போனில் 360 பிக்சல்தான் அகலம். அதைப் பாதியாக்கினால் 180. அதில் ஒரு மின்னஞ்சல் முகவரியை முழுதாகப் பார்க்கக்கூட முடியாது. எனவே பக்கவாட்டில் இருந்த இரண்டு பாதிகளும் மேலும் கீழுமாக அடுக்கப்படுகின்றன. திரையின் அகலத்தைப் பொறுத்துப் பக்கம் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் இந்த அணுகுமுறைக்கு 2010-ல் ஈதன் மார்கோட் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று பெயர் வைத்தார். அதற்கு முன்பு போனுக்கென்றே தனித் தளம் கட்டுவது வழக்கம்.

அடுக்குவது சுலபம். எதை மேலே வைப்பது, எவ்வளவு உயரம் கொடுப்பது என்பதில்தான் வம்பே.

ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக லாகின் பக்கம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரின் படம், வலப்பக்கம் படிவம். லேப்டாப்பில் படம் மேலிருந்து கீழ்வரை நிரம்ப வேண்டுமென்று, டெவலப்பர் அதன் உயரத்தை 100vh என்று எழுதியிருக்கிறார். 'திரையின் முழு உயரம்' என்பது அதன் பொருள். போனுக்கு இந்த வரியை மாற்ற மறந்துவிட்டார் என்றால் என்ன ஆகும்? அடுக்கிய பிறகும் படம் திரையின் முழு உயரத்தையும் பிடித்துக்கொள்ளும். படிவம் அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிடக்கும். போனில் திறந்த உறுப்பினர் ஒரு நெசவாளர் படத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான். கீழே தள்ளிப் பார்க்கச் சொல்லும் அடையாளம் ஒன்றும் இல்லை. பக்கம் இன்னும் முழுதாக வரவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்துவிட்டு மூடிவிடுவார். இந்த அமைப்பில் நடக்கும் தவறுகளில் இதுதான் முதலிடம்.

சரி, படத்தின் உயரத்தைக் குறைத்துவிட்டால்? மூன்றுக்கு இரண்டு விகிதப் படம் 360 அகலத்தில் 240 பிக்சல் உயரம் வரும். தலைப்புக்கு 80. பெயர்ப் பெட்டியும் கடவுச்சொல் பெட்டியும், மேலே உள்ள குறிப்புகளோடு சேர்த்து, ஆளுக்கு 80. பொத்தானும் இடைவெளியும் 70. கூட்டினால் 550. முகவரிப் பட்டை போக போனில் 640 பிக்சல் கிடைக்கிறது என்றால் எல்லாம் அடங்கிவிடுகிறது. சங்கத் தலைவரிடம் காட்டினால் தலையாட்டிவிடுவார்.

ஆனால் லாகின் பக்கம் பார்ப்பதற்கானது அல்ல, தட்டச்சு செய்வதற்கானது. பெட்டியைத் தொட்டதும் கீபோர்டு எழும்பி வந்து சுமார் 280 பிக்சலை விழுங்கும். மிச்சம் 360. படமும் தலைப்புமே 320 எடுத்துக்கொண்டால் படிவத்துக்கு மிஞ்சுவது 40. தட்டும் பெட்டியை பிரவுசர் தானாக மேலே இழுத்துக் காட்டும், அது உண்மை. ஆனால் அடுத்த பெட்டி எங்கே, பொத்தான் எங்கே என்று ஒவ்வொரு முறையும் கீபோர்டை இறக்கித் தேட வேண்டும். கடவுச்சொல் தவறு என்று ஒரு வரி வந்தால் அதுவும் மறைந்தே போகும்.

இப்போது படத்தை எடுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். தலைப்பு 80, பெட்டிகள் 160, பொத்தான் 70: மொத்தம் 310. சங்கத்தின் சின்னத்துக்கு மேலே ஒரு 40 கொடுத்தாலும் 350-தான். கீபோர்டு திறந்திருக்கும்போதே முழுப் படிவமும் கண்ணில் படுகிறது. ஆகவே என் தீர்ப்பு இது: போனில் அந்தப் பெரிய படம் வேண்டாம். 'படத்துக்கு நல்ல காசு கொடுத்தோமே' என்பவர்கள் படிவத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளட்டும்.

இதைச் செய்வதற்கு எளிய வழி, கோடில் படிவத்தை முதலில் எழுதிவிடுவது.

```html
<main class="page">
  <form class="login"> … </form>
  <div class="photo"></div>
</main>
```

போனில் எந்த உத்தரவும் இல்லாமலே எழுதிய வரிசையில் பக்கம் அடுக்கிக்கொள்ளும், படிவம்தான் மேலே நிற்கும். பெரிய திரையில் படிவம் இடப்பக்கமும் படம் வலப்பக்கமும் வரும். படம் இடப்பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க இதில் எந்தக் காரணமும் இல்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் கோடின் வரிசையைத்தான் பின்பற்றும் என்பதால் அவர்களுக்கும் இது தோது. இரண்டாகப் பிரிக்கும் வேலையைப் பெரிய திரைக்கு மட்டும் ஒதுக்கிவைக்கலாம்:

```css
@media (min-width: 56rem) and (min-height: 30rem) {
  .page {
    display: grid;
    grid-template-columns: minmax(0, 1fr) minmax(0, 1fr);
    min-height: 100svh;
  }
  .photo {
    background: url(loom.webp) 30% 50% / cover;
  }
}
```

முதல் வரிதான் வாசல்காவல். அகலம் 56rem, அதாவது வழக்கமான எழுத்தளவில் 896 பிக்சல், இருந்தால்தான் உள்ளே உள்ளவை நடக்கும். உயரத்துக்கும் நிபந்தனை வைத்ததற்குக் காரணம் உண்டு. போனைப் படுக்கவாட்டில் பிடித்தால் சில போன்களின் அகலம் 900-ஐத் தாண்டிவிடும், ஆனால் உயரம் 400 பிக்சல்கூட இருக்காது. அகலத்தை மட்டும் பார்த்தால் அங்கேயும் பக்கம் இரண்டாகப் பிளந்துகொள்ளும்.

minmax(0, 1fr) என்பது 'சரிபாதியாகவே பிரி' என்ற கண்டிப்பு. வெறும் 1fr என்றால், உடையாத நீளமான சொல் ஒன்று வந்தால் அந்தப் பாதி வீங்கி மறுபாதியை நெருக்கும். 'Forgot password?' என்று இருந்த இடத்தில் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?' என்று எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். தமிழில் பக்கம் போடுகிறவர்கள் ஆங்கில வாசகத்தோடு சோதித்துவிட்டு விடவே கூடாது.

100svh என்பதும் பழைய தவறுக்கான மருந்து. போனிலும் டேப்லெட்டிலும் மேலே தள்ளும்போது முகவரிப் பட்டை சுருங்கும். பழைய 100vh, பட்டை சுருங்கிய பிறகு உள்ள உயரத்தையே கணக்கில் எடுப்பதால் பக்கத்தின் அடிப்பகுதி கொஞ்சம் கீழே ஒளிந்துகொள்ளும். பட்டை விரிந்திருக்கும்போதுள்ள உயரத்தைக் குறிக்கும் svh அலகை முக்கியமான பிரவுசர்கள் 2022-ல்தான் ஏற்றுக்கொண்டன.

படத்தை இந்த நிபந்தனைக்குள்ளேயே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பலர் படத்தை img ஆகப் போட்டுவிட்டு, போனில் display: none என்று மறைப்பார்கள். கண்ணுக்கு மறையும், ஆனால் பிரவுசர் அதைப் பெரும்பாலும் இறக்கிவிட்டிருக்கும். கேமராவில் எடுத்தபடியே ஏற்றிய 2 எம்பி படம், பார்க்காமலே உறுப்பினரின் டேட்டாவைத் தின்னும். மேலே உள்ளபடி எழுதினால் போன் அந்தப் படத்தைக் கேட்கவே கேட்காது.

பெரிய திரையில் படம் எப்படி வெட்டுப்படும் என்பதையும் பார்த்துவிடலாம். cover என்றால் இடத்தை நிரப்பு, மிச்சத்தை வெட்டு என்று பொருள். 1366 அகல லேப்டாப்பில் பாதி என்பது கிட்டத்தட்ட 683-க்கு 650, அதாவது ஏறக்குறையச் சதுரம். நம் படத்தை 650 உயரத்துக்கு நிறுத்தினால் அகலம் 975 வரும். அதில் 292 பிக்சல், பத்தில் மூன்று பங்கு, வெட்டுப்படும். நெசவாளர் படத்தின் இடப்பக்கம் அமர்ந்திருந்தால் நடுவை மையமாக வைத்து வெட்டும்போது அவர் தோள் போய்விடலாம். 30% 50% என்பது வெட்டை இடப்பக்கம் குறைத்து வலப்பக்கம் கூட்டும் ஏற்பாடு. சங்கத்தின் பெயரையோ அறிவிப்பையோ படத்துக்குள் எழுதாதீர்கள் என்பதும் இதனால்தான்.

படிவத்திலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. பெட்டிக்குள் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் பக்கம் பெரிதாகி ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். எழுத்தளவை 16 ஆக்கினால் போதும். பெரிதாக்குவதையே தடுத்துவைப்பது மட்டும் வேண்டாம், கண் மங்கியவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது.

அவர்களுக்கு இந்த அமைப்பில் இன்னொரு உதவியும் கிடைக்கிறது. 1366 அகல லேப்டாப்பில் பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்கினால், பிரவுசரின் கணக்கில் அகலம் 683 ஆகிவிடும். நிபந்தனை பொய்த்து, படம் விலகி, படிவம் மட்டும் பெரிய எழுத்தில் நிற்கும். போனுக்கென்று நாம் செய்த அடுக்கு கண்ணாடி போட்டவருக்கும் பயன்படுகிறது.

உங்கள் கடைக்கோ சங்கத்துக்கோ யாராவது இப்படி ஒரு பக்கம் செய்து தந்தால், அவர் லேப்டாப்பில் காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் கையிலுள்ள போனில் திறந்து, முதல் பெட்டியைத் தொட்டு, கீபோர்டு எழும்பியபடியே கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துப் பாருங்கள். பொத்தானும் பிழைச் செய்தியும் தேடாமல் கண்ணில் பட்டால் மட்டும் மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.