அறைக்கு எத்தனை லிட்டர்?

பெயின்ட் கடையில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இதுதான்: "பன்னிரண்டுக்குப் பத்து ரூம், எவ்வளவு ஆகும்?" அது தரையின் அளவு. பெயின்ட் அடிக்கப்போவதோ சுவரில்.

தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் சுவரும் சீலிங்கும் சேர்ந்த பரப்பு வந்துவிடும் என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. 20 அடிக்கு 15 அடி ஹாலுக்கு அது ஓரளவு சரியாகவே வரும். உயரம் 10 அடி என்றால் சுவர் 700, சீலிங் 300, ஆக 1,000 சதுர அடி. வாய்க்கணக்கு 1,050 என்று சொல்லும். அதே கணக்கை 12-க்கு 10 படுக்கையறைக்குப் போட்டால் 420 வரும். உண்மையில் அங்கே சுவர் 440, சீலிங் 120, மொத்தம் 560. அறை சிறியதாக ஆக, தரையோடு ஒப்பிட்டால் சுவரின் பங்கு கூடிக்கொண்டே போகும். அதனால் ஓர் அறைக்கு மட்டும் பெயின்ட் வாங்கும்போது டேப்பை எடுத்து அளந்துவிடுவதே நல்லது.

அந்தப் படுக்கையறையையே எடுத்துக்கொள்வோம். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் அறையின் சுற்றளவு 44 அடி. அதை 10 அடி உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. இதிலிருந்து பெயின்ட் படாத இடங்களைக் கழிக்க வேண்டும். கதவு 7-க்கு 3, அதாவது 21. ஒரு ஜன்னல் 5-க்கு 4, அது 20. இன்னொன்று 4-க்கு 4, அது 16. மூன்றும் சேர்ந்து 57.

இங்கே ஒன்று விட்டுப்போகும். ஜன்னல் சட்டம் சுவரின் வெளிப்பக்கத்தை ஒட்டிப் பொருத்தப்பட்டிருந்தால், உள்ளே சுவரின் கனம் நான்கு பக்கமும் ஒரு பட்டைபோலத் தெரியும். அதற்கும் பெயின்ட் அடிக்கிறோம். பட்டை அரை அடி அகலம் என்றால், பெரிய ஜன்னலுக்குச் சுற்றளவு 18 அடி, பரப்பு 9. சின்ன ஜன்னலுக்கு 8. ஆக 17 சதுர அடியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். 440-லிருந்து 57 போய், 17 கூடி, 400 சதுர அடி. சுவிட்ச் போர்டு, சின்ன வென்டிலேட்டர் இவற்றைக் கழிக்க வேண்டியதில்லை. கட்டட வேலைகளை அளப்பதற்கான ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலையும் அரை சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 5 சதுர அடி வரையுள்ள திறப்புகளைக் கழிக்கச் சொல்வதில்லை.

பரப்பு கிடைத்ததும் டின்னைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பலருக்குக் கணக்கு தப்புவது இந்த இடத்தில்தான். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பதைச் சில டின்களில் ஒரு கோட்டிங்குக்கும், சிலவற்றில் இரண்டு கோட்டிங்குக்கும் சேர்த்தும் போட்டிருப்பார்கள். உள்சுவர் எமல்ஷன் ஒன்றில் "இரண்டு கோட்டிங்குக்கு 120 முதல் 140 சதுர அடி" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டு 400-ஐ 120-ஆல் வகுத்தால் 3.3 லிட்டர். ஒரு 4 லிட்டர் டின் போதும். இரண்டு கோட்டிங் ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் இன்னொரு தடவை இரண்டால் பெருக்கினால் 6.7 லிட்டர் வரும். பாதி பெயின்ட் வீணாக மிஞ்சும். தலைகீழாகவும் நடக்கும். இன்னொரு டின்னில் "ஒரு கோட்டிங்குக்கு 240" என்று இருக்க, அதை இரண்டு கோட்டிங்குக்கு என்று நினைத்தால் 1.7 லிட்டர்தான் வரும். 2 லிட்டர் வாங்கிவந்தால் முதல் கோட்டிங்கோடு தீர்ந்துவிடும்.

டின்னில் உள்ள எண்ணை ஏன் இழுத்து நீட்ட முடியாது? ஒரு லிட்டரை 240 சதுர அடியில் பரப்பினால், ஈரமாக இருக்கும்போதே அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. காய்ந்தபின் அதிலும் பாதிக்குக் கீழே போய்விடும். அதற்கும் மேல் மெலிந்தால் அடியிலுள்ள நிறம் தெரியும். தண்ணீர் நிறையக் கலந்தால் பெயின்ட் கூடுதலாக வரும் என்ற எண்ணமும் இதனால்தான் பலிக்காது. டின்னில் போட்டிருக்கும் பரப்பு, கலக்காத பெயின்டின் லிட்டருக்கு. அளவுக்கு மீறித் தண்ணீர் விட்டால் பக்கெட் நிறையும், சுவர் நிறையாது. மூன்றாவது கோட்டிங் அடிக்க வேண்டிவரும்.

மூன்றாவது கோட்டிங்குக்கு நியாயமான காரணங்களும் உண்டு. பழைய சுவர் கரும்பச்சையாக இருந்து புதிதாக வெளிர்மஞ்சள் அடித்தால் இரண்டில் மறைவது கடினம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்கு இயல்பிலேயே மறைக்கும் திறன் குறைவு. நம் அறைக்கு ஒரு கோட்டிங் கூடினால் 1.7 லிட்டர் கூடும். மொத்தம் 5 லிட்டர். அடிநிறத்தை முதலில் வெள்ளை பிரைமரால் மறைத்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், சுவர் எவ்வளவு குடிக்கும் என்பது அடித்துப் பார்த்தால்தான் தெரியும். புதிதாகப் பட்டி பார்த்த சுவருக்குப் பிரைமர் சரியாக அடிக்காவிட்டால் அது பெயின்டை உறிஞ்சும். இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. கதவும் ஜன்னலும் இல்லாத சுவரை முதலில் அடியுங்கள். நம் அறையில் அது 12-க்கு 10, அதாவது 120 சதுர அடி. ஒரு கோட்டிங்குக்கு அரை லிட்டர் இறங்க வேண்டும். தண்ணீர் கலப்பதற்கு முன் அளவுக் குவளையால் அரை லிட்டரைத் தனியே எடுத்துவைத்து அடித்தால் போதும். அது சுவரின் முடிவு வரை வருகிறதா என்று பார்க்கலாம்.

முடிவு வரை வராமல் 700 மில்லி இழுத்தது என்றால், நான்கு சுவருக்கும் முதல் கோட்டிங்கே 2.3 லிட்டர் ஆகும். இரண்டாவதில் சுவர் அவ்வளவு உறிஞ்சாது. பழைய கணக்குப்படி 1.7 லிட்டர். கூட்டினால் சரியாக 4 லிட்டர். ரோலரிலும் பக்கெட்டிலும் ஒட்டுவதற்குக்கூட மிச்சமில்லை. நிறம் கலந்த டின்னைக் கடையில் திரும்ப எடுப்பதில்லை என்பதால், தொடக்கத்திலேயே கூடுதலாக வாங்கிவைப்பதும் நஷ்டம். ஆகவே இன்னொரு லிட்டர் வேண்டுமா என்று முடிவெடுக்க ஏற்ற நேரம் முதல் கோட்டிங் காயும் இடைவெளிதான். வேண்டும் என்றால் அதே நிற எண்ணைச் சொல்லி அப்போதே வாங்கிவந்து, டின்னில் எஞ்சியதோடு ஒரே பக்கெட்டில் கலந்து, இரண்டாவது கோட்டிங் முழுவதையும் அதிலிருந்தே அடியுங்கள். புது டின்னின் நிறம் மயிரிழை மாறியிருந்தாலும் நான்கு சுவரும் ஒன்றுபோலவே இருக்கும்.