தாண்ட முடியாத தடை: நல்ல திட்டங்கள் தொழிற்சாலையில் ஏன் தோற்கின்றன?

கடந்த ஆண்டு ஒரு நாள், பாசிர் கூடாங்கில் நான் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு எரிசக்தித் தணிக்கை அறிக்கை ஒன்று வந்தது. 2025 ஜனவரி 1 முதல் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது சுமார் 60 லட்சம் யூனிட் மின்சாரத்துக்கு இணையான எரிசக்தியைப் பயன்படுத்தும் நிறுவனங்கள், தங்கள் எரிசக்திப் பயன்பாட்டைத் தணிக்கை செய்தாக வேண்டும். அறிக்கையின் முதல் பரிந்துரையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வருத்தமும் வந்தது. "பழைய சில்லரை மாற்றுங்கள்" என்று எழுதியிருந்தார்கள்.

சில்லர் என்றால் தொழிற்சாலை முழுவதற்கும் குளிர்நீர் தரும் பெரிய இயந்திரம். அதை மாற்ற வேண்டும் என்று எங்கள் பராமரிப்புப் பொறியாளர் 2019-லேயே கேட்டார். கணக்குப் போட்டு நிராகரித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் தவறு எதுவும் இல்லை. தவறு வேறு இடத்தில் இருந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

9 ஏன் 15 ஆனது?

ஒரு நிறுவனத்தின் பணம் இலவசமாக வருவதில்லை. வங்கிக்கு வட்டி கொடுக்க வேண்டும், பங்குதாரர்களும் தங்கள் பணத்துக்கு லாபம் எதிர்பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வருவதுதான் மூலதனச் செலவு.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. மூலதனத்தில் 60 விழுக்காடு பங்குதாரர்களுடையது, அவர்கள் எதிர்பார்ப்பது 12 விழுக்காடு. மீதி 40 விழுக்காடு கடன், அதற்கு வட்டி 6 விழுக்காடு. வட்டிக்கு வரிக் கழிவு உண்டு. நிறுவன வரி 24 விழுக்காடு என்பதால், கடனின் உண்மையான செலவு சுமார் 4.6 விழுக்காடுதான். இரண்டையும் அவற்றின் பங்குக்கேற்பச் சேர்த்தால் 9 விழுக்காடு வரும். ஆக, 9-க்கு மேல் சம்பாதித்துத் தரும் எந்தத் திட்டமும் நிறுவனத்துக்கு லாபம்தான்.

ஆனால் எங்கள் முதலீட்டுப் படிவத்தின் மேலே அச்சிட்டிருந்த எண் 15. இதைத்தான் ஹர்டல் ரேட் என்கிறார்கள். தடை தாண்டும் ஓட்டத்தில் நிறுத்தி வைக்கும் கட்டையைப் போன்றது அது. திட்டம் அதைத் தாண்டினால்தான் பணம் கிடைக்கும்.

அந்த 15 எங்கிருந்து வந்தது என்று பழைய கோப்புகளைப் புரட்டினேன். 1998-ல் முடிவு செய்த எண் அது. ஆசிய நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்த காலம். மலேசிய வங்கிகளின் அடிப்படைக் கடன் விகிதமே அப்போது 12 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அன்று 15 நியாயமான எண். பின்னால் வட்டி இறங்கியது. 2020-ல் பேங்க் நெகாரா கொள்கை வட்டியை 1.75 விழுக்காடு வரை குறைத்தது. படிவத்தில் இருந்த 15 மட்டும் அசையவில்லை.

இது எங்கள் தொழிற்சாலைக்கு மட்டும் வந்த நோயல்ல. அமெரிக்க நிறுவனங்களிடம் 2003-ல் நடத்திய ஓர் ஆய்வில், அவை வைத்திருந்த ஹர்டல் ரேட் சராசரியாக 15 விழுக்காடு, அவற்றின் மூலதனச் செலவோ சுமார் 8 விழுக்காடு. வட்டி குறைந்தாலும் பல நிறுவனங்கள் இந்த எண்ணை ஆண்டுக்கணக்கில் மாற்றுவதில்லை என்று ஆஸ்திரேலிய மத்திய வங்கியும் 2015-ல் எழுதியது.

சில்லர் தோற்ற கதை

பழைய சில்லர் ஒரு டன் குளிர்ச்சிக்கு ஒரு கிலோவாட் மின்சாரம் எடுத்தது. புதியதற்கு 0.6 போதும். சராசரியாக 350 டன் சுமையில் ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால், 8,40,000 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்குச் சுமார் 40 சென் என்றால் 3,36,000 ரிங்கிட். வரியையும் பராமரிப்பையும் கணக்கில் எடுத்த பின் ஆண்டுக்கு 2,40,000 ரிங்கிட் கையில் நிற்கும். இயந்திரத்தின் விலை 15 லட்சம் ரிங்கிட், ஆயுள் 15 ஆண்டு.

9 விழுக்காட்டில் பார்த்தால், அந்த 15 ஆண்டுச் சேமிப்பின் இன்றைய மதிப்பு சுமார் 19,35,000 ரிங்கிட். போட்ட பணம் போக 4,35,000 ரிங்கிட் லாபம். அதே திட்டத்தை 15 விழுக்காட்டில் பார்த்தால் மதிப்பு 14,03,000-க்கு இறங்கிவிடும். அதாவது 97,000 ரிங்கிட் நட்டம்! நான் "நிராகரிக்கலாம்" என்று குறிப்பு எழுதினேன்.

இயந்திரமும் மின்கட்டணமும் மாறவில்லை. படிவத்தின் மேலே இருந்த ஓர் எண்தான் லாபத்தை நட்டமாக்கியது.

ஆறு விழுக்காடு கூடினால் இவ்வளவு வித்தியாசம் ஏன்? அது ஒவ்வோர் ஆண்டும் கூட்டு வட்டி போலத் தின்பதால்தான். இரண்டாம் ஆண்டில் கிடைக்கப்போகும் 100 ரிங்கிட்டின் இன்றைய மதிப்பு 9 விழுக்காட்டில் 84, 15 விழுக்காட்டில் 76. பெரிய இடைவெளி இல்லை. 15-ஆம் ஆண்டின் 100 ரிங்கிட்டோ முதல் கணக்கில் 27, இரண்டாவதில் 12 தான். அதனால் உயரமான தடை எல்லாத் திட்டங்களையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. மெதுவாக, நெடுங்காலம் பலன் தருபவற்றைத்தான் அதிகமாக அடிக்கிறது. மின்சிக்கனம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கூரைச் சூரியத் தகடு எல்லாம் அந்த வகை.

தடையை உயர்த்துவதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. எங்கள் நிதி மேலாளரிடம் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "தம்பி, திட்டம் கொண்டு வருகிறவர் எல்லாரும் விற்பனையைக் கூட்டித்தான் எழுதுவார்கள். 15 வைத்தால்தான் உண்மையில் 9 வரும்," என்றார். இன்னொன்றும் சொன்னார். "பணம் இருக்கிறது. ஆள் எங்கே? என்னிடம் இருப்பது இரண்டு திட்டப் பொறியாளர்கள். பத்துத் திட்டத்தை ஒப்புக்கொண்டால் யார் செய்வது?"

அவருடைய இரண்டாவது காரணம் அந்த அமெரிக்க ஆய்விலும் வருகிறது. கையில் பணம் நிறைந்த நிறுவனங்களும் உயர்ந்த தடை வைக்கின்றன. அவற்றுக்குப் பற்றாக்குறை பணத்தில் அல்ல, திட்டத்தை நடத்தும் ஆட்களில்தான்.

நோய் இரண்டும் உண்மை. மருந்துதான் பொருந்தவில்லை. அதே 2019-ல் நாங்கள் ஏற்றுக்கொண்ட திட்டத்தைப் பார்த்தால் இது புரியும்.

அது ஒரு புதிய பொருளுக்கான பொட்டல வரிசை. அதற்கும் 15 லட்சம் ரிங்கிட்தான். ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு 5,20,000 ரிங்கிட் வரும் என்று விற்பனைப் பிரிவு எழுதியது. 15 விழுக்காட்டில் 2,43,000 ரிங்கிட் லாபம் காட்டியது, சுலபமாகத் தாண்டிவிட்டது. நடந்தது வேறு. பணம் எதிர்பார்த்ததைவிட 30 விழுக்காடு குறைவாக, ஆண்டுக்கு 3,64,000 ரிங்கிட்தான் வந்தது. 9 விழுக்காட்டில் பார்த்தால்கூட இது 84,000 ரிங்கிட் நட்டம்.

கூட்டி எழுதுகிறவர் தடையின் உயரத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்பக் கூட்டி எழுதுவார். மீட்டரைப் பார்த்து எண் எழுதும் பொறியாளரால் அப்படிக் கூட்ட முடியாது. கடைசியில் தடை யாரைத் தடுக்க வேண்டுமோ அவரை விட்டுவிட்டு, நேர்மையாக எழுதியவரைத் தடுத்தது.

ஆள் பற்றாக்குறைக்கும் இதே கதிதான். சில்லரை மாற்ற ஒரு பொறியாளரின் மூன்று மாதம் போதும். பொட்டல வரிசைக்கு ஒன்பது மாதம் வேண்டும். 9 விழுக்காட்டில், விற்பனைப் பிரிவு சொன்ன எண்ணை அப்படியே நம்பினாலும், அதன் லாபம் 5,23,000 ரிங்கிட். பொறியாளரின் ஒரு மாதத்துக்கு 58,000. சில்லருக்கு அதே கணக்கு 1,45,000 ரிங்கிட். பற்றாக்குறை ஆளில் என்றால் வரிசைப்படுத்த வேண்டிய அளவுகோல் இதுதான்.

உங்கள் நிறுவனத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நாங்கள் செய்தது எளிய வேலை. நிராகரித்த திட்டங்களின் கோப்பை எடுத்து, 9-க்கும் 15-க்கும் இடையில் விழுந்தவை எவை என்று பட்டியல் போட்டோம். பாதிக்கு மேல் செலவைக் குறைக்கும் திட்டங்கள். பிறகு ஏற்றுக்கொண்ட திட்டங்களில் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். சேமிப்புத் திட்டங்கள் சொன்னதை ஒட்டியே வந்திருந்தன. புதுப்பொருள் திட்டங்கள்தான் சறுக்கியிருந்தன.

இன்னோர் அடையாளமும் உண்டு. வெளியார் ஒருவர் வந்து, "உங்கள் கூரையில் என் செலவில் சூரியத் தகடு போடுகிறேன், மின்சாரத்தை உங்களுக்கே சற்றுக் குறைந்த விலைக்கு விற்கிறேன்," என்றால் கவனியுங்கள். அவருக்கு 9, 10 விழுக்காடு போதும் என்பதால் அந்தத் திட்டம் அவருக்கு லாபம். உங்கள் தடை 15-ல் நிற்பதால் உங்கள் கூரையின் லாபம் அவருக்குப் போகிறது. உங்களிடம் ஆளோ அனுபவமோ இல்லையென்றால் அந்த ஏற்பாடு நியாயமானதே. தடையின் உயரம் மட்டுமே காரணம் என்றால் அது கைநழுவிய காசு.

இப்போது எங்கள் படிவத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. செலவுக் குறைப்புத் திட்டங்களுக்கு 10, புதுப்பொருளுக்கு 15. புதுப்பொருள் என்றால் நல்ல, நடுத்தர, மோசமான விற்பனை என்று மூன்று கணக்கும் தர வேண்டும். சேமிப்புத் திட்டத்துக்கும் சலுகை இல்லை. தனி மீட்டர் பொருத்தி, மூன்று மாத அளவீட்டைக் காட்ட வேண்டும். உற்பத்தி குறைந்து சில்லர் ஓடும் நேரம் பாதியானால் சேமிப்பும் பாதியாகிவிடும் அல்லவா?

சில்லர் இந்த முறை தேறிவிட்டது. ஆனால் இடையில் ஆறு ஆண்டுகள் போயின. ஆண்டுக்கு 2,40,000 என்றால் 14,40,000 ரிங்கிட், கிட்டத்தட்ட அன்றைய இயந்திரத்தின் விலை. இந்தத் தொகை எந்த நட்டக் கணக்கிலும் வரவில்லை. செய்யாமல் விட்ட திட்டத்துக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

ஒப்புதல் கடிதத்தை நானே பொறியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கணக்கு அன்றைக்கும் இதுதானே?" என்றார். ஆமாம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். இன்வெர்ட்டர் குளிர்சாதனம் 600 ரிங்கிட் கூடுதல் விலை, போட்ட காசு திரும்ப ஐந்து ஆண்டாகும் என்று நான் தள்ளிப்போட்டு வந்தது நினைவுக்கு வந்தது. மாதம் 10 ரிங்கிட் மின்கட்டணம் மிச்சமாகி, பத்து ஆண்டு ஓடினால், அது ஆண்டுக்கு 15 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வருமானம். என் ஊழியர் சேமநிதி 2024-க்குத் தந்த லாப ஈவு 6.3 விழுக்காடு. அதை நல்ல வருமானம் என்று மகிழ்ந்தவனும் நான்தான். வீட்டிலும் ஒரு தடையை நட்டு வைத்திருந்திருக்கிறேன், அதன் உயரத்தை அளக்காமலேயே.