சோக்கின் முரலொலியும் வெப்பமும்

பழைய குழல் விளக்கு எரியும் கூடங்களில் வண்டு முரல்வது போன்ற ஓர் ஓசை கேட்பதுண்டு. அவ்வோசை விளக்கிலிருந்து எழுவதன்று. மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சோக்கிலிருந்து எழுவதாகும். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி, அவற்றின்மேல் எனாமல் பூசிய செம்புக்கம்பியைச் சுற்றி அமைத்ததே சோக்கு.

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் காந்த இழுவிசை இருமுறை உச்சத்தை அடைவதால், தகடுகள் வினாடிக்கு 100 முறை அதிர்கின்றன. திருவாடானை போன்ற கடலோர வட்டாரங்களில் உப்புக்காற்றால் திருகாணிகள் துருப்பிடித்துப் பிடிப்பு தளர்ந்தால், ஓசை மிகும். மின்சாரத்தைத் துண்டித்துத் திருகாணிகளை இறுக்கியபின் ஓசை குறையுமாயின், பழுது பிடிப்பில்தான் இருந்தது எனத் தெளியலாம்.

ஓசையைவிடக் கவனிக்கத்தக்கது வெப்பம். நல்ல சோக்கும் சுடும். ஆனால் கருகல் நாற்றம் வீசினாலும், உள்ளிருக்கும் தார் உருகி வழிந்தாலும் சுற்றுகளிடையே குறுக்கிணைப்பு நேர்ந்திருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, 1000 சுற்றுகளும் 35 ஓம் மின்தடையும் கொண்ட ஒரு சோக்கைக் கருதுவோம். அதன் முனைகளுக்கிடையே 200 வோல்ட் உள்ளது, 0.43 ஆம்பியர் பாய்கிறது. அப்போது கம்பிச்சுருள் முழுவதிலும் தோன்றும் வெப்பம் ஏறத்தாழ 6.5 வாட் ஆகும். எனாமல் உரிந்து 10 சுற்றுகள் தம்முள் இணைந்துவிட்டன என்க. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல் விதிப்படி, அந்த மூடிய வளையத்தில் 2 வோல்ட் தூண்டப்படும். அதன் தடையோ 0.35 ஓம் மட்டுமே. எனவே வளையத்தினுள் 5.7 ஆம்பியர் வரை சுழன்று, 11 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். சுருள் முழுவதும் தரும் வெப்பத்தைவிடப் பத்தே சுற்றுகள் தரும் வெப்பம் மிகுதி! அவ்வெப்பம் அண்டைச் சுற்றுகளின் எனாமலையும் கருக்குவதால் பழுது பரவுகிறது.

இப்பழுதை ஓம்மானி காட்டாது. பத்துச் சுற்றுகளை இழந்தால் தடை நூற்றில் ஒரு பங்கே குறையும். செம்புக்கம்பி மூன்று பாகை குளிர்ந்தாலே அந்த அளவு குறைந்துவிடும். ஆகவே, பயிற்சி பெற்ற மின்பணியாளர் சோக்கை 100 வாட் இழைவிளக்குடன் தொடராக இணைத்துப் பார்ப்பார். நல்ல சோக்கில் விளக்கு மங்கி எரியும். பல சுற்றுகள் இணைந்த சோக்கில் பளிச்சென எரியும். பழுதின் தொடக்கநிலையில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. அந்நிலையில், அதே வகையான நல்ல சோக்கொன்றை அதே நேரம் எரியவிட்டு, இரண்டின் வெப்பத்தையும் ஒப்பிடுவதே தக்க வழி. குறுக்கிணைப்பு உறுதியானால் சோக்கை மாற்றிவிட வேண்டும். திருகாணியை இறுக்குவதால் அது சீராகாது.