இடம் மாறினாலும் நிறம் மாறாத யூரோப்பியம்

வீட்டில் பழைய சிஎஃப்எல் பல்பு இருந்தால், அதன் ஒளியை ஒரு சிடியின் பளபளப்பான பக்கத்தில் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள். வானவில் தொடர்ச்சியாக வராது. பல்பின் உருவமே நீலம், பச்சை, சிவப்பு எனத் தனித்தனியாகத் தெரியும். சிவப்பு உருவத்தின் விளிம்பு துல்லியமாக இருக்கும். எல்இடி பல்பில் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும்.

அந்தச் சிவப்பு யூரோப்பியத்தின் வேலை. பல்பின் உட்சுவரில் பூசியிருக்கும் வெள்ளைத் தூளில் இட்ரியம் ஆக்சைடு உண்டு. அதில் நூற்றுக்குச் சில இட்ரியம் அயனிகளை எடுத்துவிட்டு, மூன்று எலக்ட்ரான் இழந்த யூரோப்பிய அயனிகளை அமர்த்தியிருப்பார்கள். அதன் முக்கியக் கோடு 611 நானோமீட்டரில் விழுகிறது. 1960களில் கலர் டிவிக்கு வந்த இட்ரியம் வனடேட் தூளில் அதே அயனி 619இல் ஒளிர்ந்தது. பின்னால் வந்த ஆக்சிசல்பைடில் 626இல். வேதிப்பொருளே மாறியும் நகர்ந்தது இவ்வளவுதான்.

காரணம், ஒளி பிறக்கும் இடம். 4f கூட்டில் உள்ள எலக்ட்ரான்கள்தான் இங்கே நிலை மாறுகின்றன. அந்தக் கூட்டுக்கு வெளியே 5s, 5p கூடுகள் முழுமையாக நிரம்பி மதில்போல் நிற்கின்றன. பக்கத்து ஆக்சிஜனின் மின்புலம் உள்ளே போவதற்குள் வலுவிழந்துவிடுகிறது. தவிர, எலக்ட்ரான் 4f கூட்டுக்குள்ளேயே நிலை மாறுவதால் அயனியின் பருமன் மாறுவதில்லை; பக்கத்து அணுக்கள் விலகவோ நெருங்கவோ வேண்டியதில்லை. எனவே படிகத்தின் அதிர்வு ஒளியோடு அதிகம் கலக்காமல், கோடு குறுகலாகவே நிற்கிறது.

இரண்டே எலக்ட்ரான் இழந்த யூரோப்பியத்தைப் பாருங்கள். அதில் எலக்ட்ரான் மதிலுக்கு வெளியே உள்ள 5d கூட்டுக்குப் போய்த் திரும்புகிறது. விளைவு, அகலமான பட்டை. ஒரு படிகத்தில் நீலம், இன்னொன்றில் சிவப்பு. தனிமம் ஒன்றுதான்!

ஆனால் 'சூழல் எதையும் தொடாது' என்று சொல்லிவிட முடியாது. கோட்டின் இடம் அசையாவிட்டாலும் பலம் அசையும். 590ஐ ஒட்டிய ஆரஞ்சுக் கோட்டின் பலம் எந்தப் படிகத்திலும் ஏறக்குறைய ஒன்றே. 611 அப்படியல்ல. அயனியைச் சுற்றிய அமைப்பு முழுச் சமச்சீராக இருந்தால் அது மங்கிவிடும். சமச்சீர் குலைந்தால் ஓங்கும். அயனி எந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் இந்த விகிதத்தை வைத்தே ஊகிக்கிறார்கள்.

இந்தத் தனிமைக்கு ஒரு விலை உண்டு. f கூட்டுக்குள் நடக்கும் தாவல், குவாண்டம் விதிப்படி ஏறத்தாழத் தடை செய்யப்பட்டது. ஒளி வெளிவரவே சுமார் ஒரு மில்லிவினாடி ஆகிறது. நேரடியாக ஒளியை உறிஞ்சும் திறனும் மிகக் குறைவு. சிஎஃப்எல்லில் அது தடையாகவில்லை. பாதரசத்தின் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பிடிக்க, ஆக்சிஜனிலிருந்து யூரோப்பியத்துக்கு எலக்ட்ரான் தாவும் வலுவான வழி ஒன்று இருந்தது. எல்இடியின் நீல ஒளிக்கு அந்த வழி திறக்காது. அதனால்தான் இன்றைய சாதாரண வெள்ளை எல்இடி பல்புகளில், அகலமான மஞ்சள் தரும் சீரியத்தைப் பயன்படுத்துகிறார்கள்.