பாதிக் கட்டம் காலி: ரேண்டம் ஃபாரஸ்டா, பூஸ்டிங்கா?

அட்டவணை வடிவத் தரவை வைத்துக் கணிப்பதற்கு இன்று அதிகம் பயன்படும் இரண்டு முறைகள் ரேண்டம் ஃபாரஸ்டும் கிரேடியன்ட் பூஸ்டிங்கும். இரண்டுக்கும் அடிப்படை ‘ஆம்–இல்லை’ கேள்விகளால் கிளை பிரியும் முடிவு மரங்கள்தான். 2001இல் லியோ பிரைமன் முன்வைத்த ரேண்டம் ஃபாரஸ்டில், ஒவ்வொரு மரமும் தரவிலிருந்து குலுக்கி எடுத்த வேறொரு மாதிரியில் தனித்தனியாக வளர்கிறது. கடைசியில் எல்லா மரங்களின் வாக்கும் கூட்டப்படும். பூஸ்டிங்கில் மரங்கள் வரிசையாக வருகின்றன. முந்தைய மரங்கள் விட்ட பிழையைத் திருத்துவதே அடுத்த மரத்தின் வேலை. தரவு நிறைய இருந்தால் இந்தத் திருத்தம் பெரிய பலம். சில நூறு வரிசைகளே இருந்தால், திருத்துவதற்கு உண்மையான பிழை தீர்ந்த பிறகும் மரங்கள் வந்துகொண்டே இருக்கும். அப்போது அவை தற்செயலான ஏற்ற இறக்கங்களையே பாடமாகப் படித்துக்கொள்கின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க ஏற்றது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பிமா பழங்குடிப் பெண்களின் நீரிழிவுத் தரவு. மொத்தம் 768 பெண்கள்; அவர்களில் நீரிழிவு உறுதியானவர்கள் 268 பேர். காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லாததுபோல் தோன்றும். ஆனால் 374 பேருக்கு இன்சுலின் அளவு பூஜ்யம், 35 பேருக்கு ரத்த அழுத்தமே பூஜ்யம் என்று பதிவாகியிருக்கிறது. உயிரோடு இருப்பவருக்கு ரத்த அழுத்தம் பூஜ்யமாக இருக்க முடியாது. அளக்கவில்லை என்பதுதான் இதன் பொருள். ஆகவே முதல் வேலை, இந்தப் பூஜ்யங்களைக் காலியென்று அறிவிப்பது:

```python
cols = ["Glucose", "BloodPressure", "SkinThickness", "Insulin", "BMI"]
df[cols] = df[cols].replace(0, np.nan)
```

காலி உள்ள வரிசைகளை நீக்கிவிட்டால் 392 பேர்தான் மிஞ்சுவார்கள். பாதித் தரவு போய்விடும். அதனால் காலியோடு வேலை செய்தாக வேண்டும். இதில் பூஸ்டிங்குக்கு நல்ல பெயர் உண்டு. எக்ஸ்ஜிபூஸ்ட், ஒவ்வொரு பிரிவிலும் காலி உள்ளவர்களை இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி வைத்துப் பார்த்து, பிழை அதிகம் குறையும் பக்கத்துக்கு அனுப்புகிறது. கிளையில் நூற்றுக்கணக்கானோர் இருக்கும்வரை இது சரியான ஏற்பாடு. பத்துப் பன்னிரண்டு பேரே உள்ள கிளையில், அவர்களில் நான்கைந்து பேருக்கு இன்சுலின் காலி என்றால், எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். இந்தத் தரவில் காலியாக இருப்பதே பெரிய துப்பும் இல்லை: இன்சுலின் அளக்கப்படாதவர்களில் 37 சதவீதம் பேருக்கு நீரிழிவு, அளக்கப்பட்டவர்களில் 33 சதவீதம். மேலும், இது பூஸ்டிங்குக்கு மட்டும் உரிய வசதியாக இப்போது இல்லை, சைக்கிட்-லேர்ன் 1.4 பதிப்பு முதல் அதன் ரேண்டம் ஃபாரஸ்டும் காலிக் கட்டங்களை அப்படியே ஏற்கிறது.

முறையைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய தவறு, காலியை நிரப்பும்போது நடக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அவர்கள் குழுவின் இடைநிலை இன்சுலின் அளவான 169.5, இல்லாதவர்களுக்கு 102.5 என்று நிரப்பும் வழக்கம் இந்தத் தரவைக் கையாளுவோரிடம் பரவலாக உண்டு. விடையைப் பார்த்து வினாத்தாளைத் திருத்துவது இது. மூலத் தரவில் இன்சுலின் எல்லாம் முழு எண். அரை எண் வந்தாலே அது நிரப்பப்பட்டது என்று மரம் கண்டுகொள்ளும். 138 பேரின் விடை ‘ஆம்’, 236 பேரின் விடை ‘இல்லை’ என்று சேர்ந்தே உள்ளே போய்விடுகிறது. இரண்டு முறைகளுமே இதைப் பிடித்துக்கொண்டு துல்லியத்தைத் திடீரென உயர்த்திக் காட்டும். ரத்தச் சர்க்கரையைப் பின்னுக்குத் தள்ளி இன்சுலின் முதலிடத்துக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும். நிரப்புவதானால் விடையைப் பார்க்காமல், பயிற்சிப் பகுதியில் மட்டும் கணக்கிட்ட ஒரே இடைநிலை அளவால் எல்லோருக்கும் நிரப்ப வேண்டும்.

ஒப்பீட்டிலும் அவசரம் கூடாது. ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 154 பேரைச் சோதனைக்கு ஒதுக்கி, ஒரு முறை 117 பேரையும் மற்றது 120 பேரையும் சரியாகக் கணித்தால் வித்தியாசம் இரண்டு சதவீதம். இந்த அளவுச் சோதனையில் தற்செயலாலேயே மூன்று நான்கு சதவீதம் ஏறி இறங்கும். தரவைப் பத்துப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் முறைவைத்துச் சோதித்து, அதையும் வேறு வேறு குலுக்கலில் பலமுறை செய்த பிறகே வெற்றி தோல்வி பேசலாம்.

ஆயிரத்துக்கும் குறைவான வரிசைகளும் நிறையக் காலிக் கட்டங்களும் இருந்தால் ரேண்டம் ஃபாரஸ்டில் தொடங்குவதே மேல். அதிகம் திருகாமலே நம்பத்தக்க விடை தரும். மரங்களைக் கூட்டுவதால் அது கெடுவதில்லை. பூஸ்டிங்கை அதோடு போட்டிக்கு விடுவதானால் மரத்தின் ஆழம் இரண்டு மூன்றைத் தாண்டாமலும், கற்றல் வேகம் 0.05 அளவிலும், ஒவ்வொரு கிளை நுனியிலும் குறைந்தது 20 பேர் இருக்குமாறும் கட்டுப்படுத்த வேண்டும். அப்படியும் அது தொடர்ந்து முந்தினால் மட்டுமே மாறுவதில் பொருள் உண்டு.